புகையின் நிறமும் புரொப்பல்லரின் சுமையும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த 61 நாள் தடைக்காலம் மீனுக்கு இனப்பெருக்கக் காலம், படகுக்கு மராமத்துக் காலம். காசிமேட்டில் படகுகளைக் கரையேற்றி மரவேலையும் பெயிண்டும் நடக்கும்போது, கழற்றிய இன்ஜின்களும் பம்புகளும் ஹெட்டுகளும் நகருக்குள் பட்டறைகளைத் தேடிப் போகின்றன. லேத்து, போரிங், கிராங்க் கிரைண்டிங், பம்ப் காலிபரேஷன் என்று எல்லாவற்றுக்கும் கை தேர்ந்த ஆட்கள் பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் உண்டு. லாரியையும் பஸ்ஸையும் நம்பி அறுபது ஆண்டுகளாக வளர்ந்த தொழில் இது. விசைப்படகில் ஓடுவதும் பெரும்பாலும் லாரிக்காக வடிவமைத்த இன்ஜினின் கடல்வடிவம்தான்: அதே பிளாக், அதே பிஸ்டன், அதே நாசில். ஆகவே லாரியில் புகையைப் படித்த கண் படகின் புகையையும் படித்துவிடும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பதே என் வாதம். கறுப்பு, வெள்ளை, நீலம் என்ற மூன்று நிறங்களும் எந்த இன்ஜினிலும் ஒரே பொருளைத்தான் காட்டுகின்றன. ஆனால் அந்தப் பொருள் ஏன் வெளியே வருகிறது என்ற காரணம், லாரியில் இருப்பதற்கும் படகில் இருப்பதற்கும் வேறு. அந்தக் காரணத்தில் பெரும்பகுதி இன்ஜினோடு பட்டறைக்கு வருவதே இல்லை. அது படகிலேயே தங்கிவிடுகிறது.

முதலில் நிறங்களின் அடிப்படை. கறுப்புப் புகை என்பது கரித்துகள். டீசல் எரியத் தொடங்கியது, ஆனால் எரிந்து முடிக்கப் போதிய காற்று கிடைக்கவில்லை. வெள்ளைப் புகை என்பது எரியவே எரியாத டீசல் நுண்துளிகளாக வெளியேறுவது, அல்லது நீராவி. நீலப் புகை என்பது இன்ஜின் ஆயில் சிலிண்டருக்குள் புகுந்து அரைகுறையாக எரிந்து வருவது. இந்த மூன்று வரி எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அதோடு சேர்த்துத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. நீலம் என்பது ஆயிலின் நிறம் அல்ல, மிகச் சிறிய துளிகள் ஒளியைச் சிதறடிக்கும் விதம். டீசல் துளியும் அதே அளவுக்கு நுண்ணியதாக இருந்தால் அதுவும் நீலமாகத்தான் தெரியும். ஆயில் துளி பெருத்தால் வெள்ளையாகத் தெரியும். காலை வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் நீலமாகத் தெரியும் புகை, வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் பழுப்பாகத் தெரியும். ஆகவே நிறத்தை மட்டும் சாட்சியாக வைத்து, வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது ஆபத்து. எப்போது புகைகிறது, எந்தச் சுமையில் புகைகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன வாடை அடிக்கிறது என்ற நான்கும் சேர்ந்தால்தான் நிறத்துக்கு அர்த்தம் வரும்.

கறுப்பில் இந்தச் சிக்கல் பளிச்சென்று தெரியும். லாரி மேட்டில் ஏறும்போது திணறினால் டிரைவர் கியரைக் குறைக்கிறார், இன்ஜின் மூச்சுவிடுகிறது. படகில் அந்த வசதி இல்லை. முன்னே, நியூட்ரல், பின்னே என்ற மூன்றுதான். இன்ஜினுக்கும் புரொப்பல்லருக்கும் நடுவே உள்ள கியர் விகிதம் மாறாதது. அந்த புரொப்பல்லருக்கு ஒரு கணக்கு உண்டு. அது கேட்கும் குதிரைத்திறன், சுழலும் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. 2000 ஆர்பிஎம்மில் 120 குதிரைத்திறன் கேட்கும் புரொப்பல்லர், பாதி வேகமான 1000 ஆர்பிஎம்மில் பாதியான 60ஐக் கேட்பதில்லை, எட்டில் ஒரு பங்கான 15ஐத்தான் கேட்கிறது. அதாவது கீழ் வேகத்தில் இன்ஜினுக்கு ஏகப்பட்ட தெம்பு மிச்சம் இருக்கும். மேலே போகப் போக அந்த மிச்சம் சட்டென்று கரைந்து, கடைசி இருநூறு ஆர்பிஎம்மில் முழுச்சுமையும் வந்து விழும். பட்டறை ஸ்டாண்டில் வைத்து ஓட்டும் இன்ஜினுக்கு இந்தச் சுமை துளியும் கிடையாது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் கவர்னர் சொற்ப டீசலை விட்டாலே 2000ஐத் தொட்டுவிடும். காற்று தாராளமாக இருக்கும், புகைக்குழாய் சுத்தமாக இருக்கும். இதை நம்பி இன்ஜினை ஏற்றி அனுப்பினால், கடலுக்குப் போன முதல் நாளே பழைய புகை திரும்பி வரும். பட்டறைக்காரர் ஏமாற்றவில்லை. புகையை உண்டாக்கும் சுமையே அவர் முன்னால் வராததுதான் காரணம்.

ஒரு படகை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம் என்று தகட்டில் போட்ட டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் இன்ஜின். கடலில் முழு ஆக்ஸிலரேட்டரில் 1750க்கு மேல் ஏறவில்லை, கறுப்பாகப் புகைகிறது. முதலில் சந்தேகம் விழுவது பம்பின் மேல்தான். காலிபரேஷன் நடக்கிறது, நாசில்களை மாற்றுகிறார்கள், ஸ்டாண்டில் புகையில்லை. படகில் மறுபடி 1750, மறுபடி கறுப்பு. சரியான புரொப்பல்லர், சுத்தமான அடிப்பாகம் என்றால் 1750 ஆர்பிஎம்மில் கேட்கவேண்டியது சுமார் 80 குதிரைத்திறன். நல்ல நிலையில் உள்ள இன்ஜின் அந்த வேகத்தில் சுமார் 105 கொடுக்கும். இன்ஜின் 1750லேயே நின்றுபோகிறது என்றால் இரண்டில் ஒன்று: இன்ஜின் 105க்குப் பதிலாக 80தான் கொடுக்கிறது, அல்லது இன்ஜின் 105ஐக் கொடுத்தும் புரொப்பல்லர் அதை முழுக்க விழுங்கிவிடுகிறது. முதலாவது பட்டறையின் வேலை. இரண்டாவதுக்கும் பட்டறைக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு ஸ்பானர்கூடத் தேவையில்லை. படகில் ஏற்கெனவே இருக்கும் ஜிபிஎஸ் போதும். முழு ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு 1500 ஆர்பிஎம்மில் வைத்து, நீரோட்டத்தோடு ஒரு முறை, எதிர்த்து ஒரு முறை ஓட்டி, இரண்டு வேகத்தின் சராசரியை எடுக்க வேண்டும். அதே 1500ல் படகு புதிதாக அடிப்பாகம் சுரண்டிய நாளில் 8 நாட் போனது, இப்போது ஆறரைதான் போகிறது என்றால், அடியில் பாசியும் சிப்பியும் ஏறியிருக்கின்றன, அல்லது புரொப்பல்லர் இதழ் வளைந்திருக்கிறது. வேகம் அப்படியே 8 என்றால் தண்ணீருக்கடியில் குறையில்லை, இன்ஜினைத் திறக்கலாம். வேகம் முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஆனால் 2000 எட்டவில்லை என்றால், யாரோ பெரிய புரொப்பல்லரையோ பிட்ச் கூடியதையோ மாட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு சோதனை, படகின் அடிப்பாகம், புரொப்பல்லர், இன்ஜின் என்ற மூன்று குற்றவாளிகளைப் பிரித்துக் காட்டிவிடும். இதற்கு ஒரே முன்நிபந்தனை, படகு நன்றாக இருந்த நாளில் 1500ல் எவ்வளவு வேகம் போனது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய, ஏட்டுக் கணக்கில் சுமார் 10 கன மீட்டர் காற்று வேண்டும். சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் சீராகக் கலப்பதில்லை என்பதால் நடைமுறையில் அதைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். நம் 120 குதிரைத்திறன் இன்ஜின் முழுச்சுமையில் மணிக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும். அதாவது மணிக்கு 300 கன மீட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். லாரியின் ஏர் ஃபில்டர் திறந்த வெளியில் இருக்கிறது. படகின் இன்ஜின் தளத்துக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியின் மூடிமேல் வலையும் ஐஸ் பெட்டியும் ஏறி உட்கார்ந்தால், உள்ளே காற்று குறைவதோடு சூடும் ஏறும். 30 டிகிரி காற்றைவிட 55 டிகிரி காற்று சுமார் எட்டு சதவீதம் அடர்த்தி குறைந்தது. அந்த எட்டு சதவீதம், கடைசி இருநூறு ஆர்பிஎம்மில் புகைக்கும் புகையின்மைக்கும் நடுவே உள்ள இடைவெளியாக இருக்கலாம். இதற்கான சோதனை எளிது. புகையும்போதே இன்ஜின் அறை மூடியைத் திறந்து வையுங்கள். பத்து நிமிடத்தில் புகை இளைத்தால், பம்பைத் தொட வேண்டாம், காற்றுவழியை அகலப்படுத்துங்கள்.

இங்கே அனுபவசாலி மெக்கானிக் ஒருவர் நியாயமான மறுப்பைச் சொல்வார்: "இத்தனை கணக்கு எதற்கு? படகைப் பாலத்தில் கட்டிப்போட்டு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சுமை வந்துவிடுமே, அங்கேயே புகையைப் பார்த்துவிடலாமே." சுமை வரும், ஆனால் வேண்டியதைவிட அதிகமாக வரும். நகராத படகின் புரொப்பல்லர் ஒவ்வொரு சுற்றிலும் தேங்கிய தண்ணீரைத் தள்ளுகிறது. அதே ஆர்பிஎம்மில் ஓடும் படகில் கேட்பதைவிடக் கூடுதல் சக்தியைக் கேட்கும். முழு ஆரோக்கியமான இன்ஜினும் கட்டிய நிலையில் 2000ஐத் தொடாது, கொஞ்சம் கறுக்கவும் செய்யும். அதைப் பார்த்து இன்ஜினைக் கழற்றுவது பாவம். ஆனால் அந்தச் சோதனை வீண் என்று சொல்ல மாட்டேன். இழுவலைப் படகின் தினசரி வாழ்க்கையே ஏறத்தாழ அதுதான். வலை கீழே இறங்கியதும் படகு ஆமைபோல ஊரும், புரொப்பல்லரோ வேகமாகச் சுழலும். வெறும் படகாக ஓடும்போது புகையில்லை, வலை இழுக்கும்போது மட்டும் கறுக்கிறது என்றால், அந்த புரொப்பல்லரின் பிட்ச் ஓடும் வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்தது, இழுவைக்கு அது அதிகம். இதற்குப் பம்பின் டீசல் ஸ்க்ரூவைத் திருகி அளவைக் கூட்டிக்கொடுப்பது துறைமுகங்களில் அடிக்கடி நடக்கிற பெரிய தவறு. காற்று ஏறாதபோது கூடுதல் டீசல் சக்தியாக மாறாது. கரியாகவும், புகைக்குழாய் சூடாகவும்தான் மாறும். அந்தச் சூடு முதலில் எக்ஸாஸ்ட் வால்வைத் தின்னும், பிறகு பிஸ்டன் தலையை. அந்த ஸ்க்ரூவின் சீல் உடைந்த பம்ப் பட்டறைக்கு வந்தால், முதல் கேள்வி, ஏன் உடைத்தார்கள் என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளைப் புகையில் பட்டறையின் கைக்கு வேலை அதிகம். ஆனால் அங்கும் முதல் சோதனை கடலில்தான் நடக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் காலையில் கிளப்பியதும் சில நிமிடம் வெள்ளை வருவது குற்றமல்ல. தண்ணீர் சூடேறிய பிறகும் நின்றால்தான் விசாரணை. விசாரணையைத் தொடங்கும் இடம் மூக்கு. கண் எரிந்து, மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால் அது எரியாத டீசல். வாடையே இல்லாமல், குழாயை விட்டு வெளியே வந்த கொஞ்ச தூரத்தில் கரைந்துபோனால் அது நீராவி. சந்தேகம் இருந்தால், சுத்தமான எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கைப்பிடியோடு குழாய்வாய்க்கு எதிரே அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். டீசல் என்றால் தட்டில் எண்ணெய்ப் படலம் நிற்கும், விரலில் வழுக்கும். தண்ணீர் என்றால் முத்து முத்தாக நின்று காய்ந்துவிடும். புகைக்குழாயில் கடல்தண்ணீர் கலக்காத படகில், காய்ந்த இடத்தில் வெள்ளை உப்புப் படிந்தால் உள்ளே போவது கடல்தண்ணீர். இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். ஓடிய சூட்டோடு உப்புத்தண்ணீர் ஒரு இரவு சிலிண்டரில் நின்றாலே லைனர் துருவேறிப்போகும். உப்பு இல்லாத தண்ணீர் என்றால் ஹெட் கேஸ்கட்டையும் ஹெட் வெடிப்பையும் தேடலாம். தண்ணீர்த் தொட்டியில் குமிழி வருவதும், ஆயில் பால் கலந்த டீபோல வெளுப்பதும் அதே கதையின் மற்ற சாட்சிகள். புகைக்குழாயிலேயே கடல்தண்ணீரைக் கலந்து வெளியேற்றும் வகைப் படகாக இருந்தால், கடல்தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கிழிந்து தண்ணீர் குறைந்தாலும் வெண்ணிற ஆவி கிளம்பும். அது இன்ஜினின் உள்நோயே அல்ல.

டீசல்தான் என்று முடிவானால், எல்லாச் சிலிண்டரும் எரியாமல் விடுகின்றனவா, ஒன்று மட்டுமா என்று பார்க்க வேண்டும். பழைய வகைப் பம்ப் உள்ள இன்ஜினில், மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் துணியைச் சுற்றி அரைச்சுற்றுத் தளர்த்தினால், நன்றாக வேலை செய்யும் சிலிண்டரில் இன்ஜினின் நடை தடுமாறும். எந்தச் சிலிண்டரைத் தளர்த்தியும் நடையில் மாற்றமில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும் என்பதால் கையைக் குறுக்கே நீட்டவே கூடாது. புதிய காமன் ரயில் இன்ஜின்களில் இந்தச் சோதனையை நினைத்தும் பார்க்கக் கூடாது. அங்கே குழாயின் அழுத்தம் பல மடங்கு. அவற்றுக்கு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாயையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளப்பதே வழி. மற்றவற்றைவிடக் குளிர்ந்திருப்பது எரியாத சிலிண்டர். ஒன்று மட்டும் என்றால் நாசில், வால்வு அல்லது அழுத்தக் குறைவு. எல்லாமே ஒன்றுபோல் வெள்ளை அடித்தால் டீசலில் தண்ணீர், பிந்திய டைமிங், அல்லது அளவுக்கு மீறிய குளிர். கடைசியாகச் சொன்னதைத்தான் லாரி அனுபவம் உருவாக்குகிறது. சாலையில் இன்ஜின் கொதிக்கக் கூடாது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. கோயம்பேடு நெரிசலில் அதற்கு ஒரு சமாதானமாவது சொல்லலாம். கடல் முழுவதும் ரேடியேட்டராக இருக்கும் படகில், தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் மெதுவோட்டத்தில் ஒருபோதும் சரியான சூட்டுக்கு வராது. டீசல் எரியாமல் வெளியேறும், கொஞ்சம் ஆயிலில் கலந்து அதையும் நீர்க்கச் செய்யும்.

நீலப் புகை வந்தாலே "ரிங் போச்சு" என்று சொல்லிவிடுவது வழக்கம். எப்போது வருகிறது என்று கேட்டால் பாதி வழக்குகளில் ரிங் விடுதலையாகிவிடும். நெடுநேரம் மெதுவோட்டத்தில் நின்றுவிட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் ஒரு கொத்து நீலம் வந்து பிறகு தெளிந்தால், வால்வு கைடு வழியாகவோ டர்போ சீல் வழியாகவோ ஆயில் தேங்கியிருக்கிறது. சுமை ஏற ஏற நீலமும் கூடி, பிரீதர் குழாயில் புஸ் புஸ்ஸென்று காற்று தள்ளினால்தான் ரிங்கும் லைனரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால், ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்தோ வேறெங்கோ கசிந்தோ டீசல் ஆயிலில் இறங்குகிறது. அந்த நீலத்துக்கு ரிங் மாற்றி ஒரு பயனும் இல்லை.

ஆனால் என்னை மிகவும் வருத்துவது வேறொரு நீலம். புது லைனர், புது ரிங் போட்டு, தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன இன்ஜின், முதல் மாதத்திலேயே நீலம் அடிப்பது. ஸ்பேர் பார்ட்ஸ் போலி என்று படகுக்காரர் குமுறுவார். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். பல வேளை காரணம், பட்டறையின் அக்கறையேதான். புது இன்ஜினைப் பழக்க வேண்டும் என்று ஸ்டாண்டில் சுமையே இல்லாமல் மணிக்கணக்காக மெதுவாக ஓட்டுகிறார்கள். புது லைனரின் சுவரில் ஹோனிங் போட்ட குறுக்குக் கீறல்கள் இருக்கும். ஆயிலைப் பிடித்துவைப்பதும், ரிங்கைத் தேய்த்துப் பொருந்தச் செய்வதும் அவைதான். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரிந்த வாயுவின் அழுத்தம். சுமை இல்லையென்றால் அந்த அழுத்தம் இல்லை. ரிங் பொருந்துவதற்கு முன்பே, பாதி எரிந்த டீசலும் ஆயிலும் கீறல்களை அரக்குப்போல் அடைத்து, சுவரைக் கண்ணாடியாக்கிவிடும். அதன்பின் எத்தனை நாள் ஓட்டினாலும் ரிங் பொருந்தாது. லைனரைக் கழற்றி மறுபடி ஹோனிங் போடுவதே வழி. இன்ஜின் சூடேறியதும் படிப்படியாகச் சுமை ஏற்றி, பாதிச் சுமை, முக்கால் சுமை என்று மாற்றி மாற்றி ஓட்டுவதே பழக்கும் முறை. அந்தச் சுமை படகில்தான் கிடைக்கும். வலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு இரவெல்லாம் மெதுவோட்டத்தில் காத்திருக்கும் படகுகளுக்கும் இதே கண்ணாடி நோய் வரும்.

பட்டறையிலேயே சுமை ஏற்றிப் பார்க்க முடியாதா என்றால், முடியும். இன்ஜின் தொழிற்சாலைகள் டைனமோமீட்டர் என்ற தடுப்புப் பொறியில் பூட்டித்தான் சோதிக்கின்றன. டி-90 டாங்கிக்கான 1000 குதிரைத்திறன் இன்ஜினைக் கட்டும் தொழிற்சாலை ஆவடியிலேயே இருக்கிறது. சிறு பட்டறை அந்த முதலீட்டைப் போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் டைனமோமீட்டர் சொல்வதில் பெரும்பகுதியைப் படகே சொல்கிறது, கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இல்லை என்பதே குறை. இன்னொரு மறுப்பும் உண்டு. தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கிறது, இன்ஜின் மட்டும்தான் வருகிறது, கடல் சோதனைக்கு எங்கே போவது? இதற்கு விடை ஏப்ரல் முதல் பாதியில் இருக்கிறது. தடை தொடங்குமுன் கடைசியாகப் போகும் நடையில் இந்த அளவுகளை எடுத்துவிட வேண்டும்.

ஆகவே அம்பத்தூரிலும் பாடியிலும் ஆவடியிலும் படகு இன்ஜின் வேலை எடுக்கும் பட்டறைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இது. பம்பை பெஞ்சில் பூட்டுமுன் படகின் டிரைவருக்கு ஒரு போன் போடுங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் எத்தனை ஆர்பிஎம் வந்தது, 1500ல் எத்தனை நாட் போனது, புகை வலை இழுக்கும்போதா வெறும் ஓட்டத்திலா, கிளப்பியதுமா சூடேறிய பிறகா, அடிப்பாகம் கடைசியாகச் சுரண்டியது எப்போது, புரொப்பல்லரை மாற்றினீர்களா என்று கேட்டு, பதில்களை ஜாப் கார்டின் பின்பக்கம் எழுதுங்கள். வேலை முடிந்து இன்ஜினை அனுப்பும்போது அந்தக் கார்டின் நகல் ஒன்றைப் படகுக்கும் கொடுத்தனுப்புங்கள்.